ஈவுத்தொகை அறிக்கையின் போட்டோவிலிருந்து வருமானக் கணக்குக்கு: கூட்டல் சரி, ஆனால் இரண்டு வரிசை தப்பு

அப்பாவின் பங்குகளுக்கு வரும் டிவிடெண்ட் கணக்கை நான்தான் வைத்திருக்கிறேன். தபாலில் வரும் அறிக்கையை அவர் போனில் படம் எடுத்து அனுப்புவார், நான் அதை எக்செல்லில் ஏற்றுவேன். ஒரு தடவை எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் அடியில் இருந்த மொத்தம் அறிக்கையில் அச்சாகியிருந்த மொத்தத்தோடு பைசா பிசகாமல் பொருந்தியது. சந்தோஷமாக மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, இரண்டு வரிசைகளில் தொகை தப்பு. ஒன்று கூடியிருந்தது, இன்னொன்று அதே அளவு குறைந்திருந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் செய்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் 'வரி' என்றால் அரசுக்குக் கட்டுவதும் அதுதான், எழுத்தின் வரியும் அதுதான். குழப்பம் வேண்டாமென்று அட்டவணையில் கிடையாக ஓடுவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும், வரி என்றால் அரசுக்குப் போகிற வரி மட்டுமே என்றும் வைத்துக்கொள்கிறேன்.

படம் எடுப்பதில் பாதி வேலை

எண்களைப் படிக்கிற மென்பொருளுக்கு அங்குலத்துக்கு சுமார் 300 புள்ளிகள் இருந்தால் போதும். ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். 12 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் நீளவாட்டில் 4000 புள்ளிகள் இருக்கும். தாள் படச்சட்டத்தை முழுக்க நிரப்பினால் அங்குலத்துக்கு 340 புள்ளிகள் கிடைக்கின்றன. மேசையும் தண்ணீர் டம்ளரும் சேர்ந்து தெரிகிற மாதிரி எட்ட நின்று எடுத்தால் அது 170க்கு இறங்கிவிடும். 8க்கும் 3க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது அங்கேதான்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். மடித்து வந்த தாளென்றால் மடிப்புக் கோடு எந்த வரிசைகளின் மேல் போகிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். போனில் ஸ்கேன் வசதி இருந்தால் கோணலை நிமிர்த்த அது உதவும். ஆனால் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிற ஃபில்டரைப் போடாதீர்கள், அது முதலில் விழுங்குவது தசமப் புள்ளியைத்தான். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும்.

இன்னொன்று. அறிக்கையில் வங்கிக் கணக்கு எண், வரி அடையாள எண், முகவரி எல்லாம் இருக்கும். முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றித்தான் எழுத்தாக மாற்றப் போகிறீர்கள் என்றால், அட்டவணையை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றுங்கள்.

எந்தத் தொகை வருமானம்?

அறிக்கையில் ஒரே டிவிடெண்டுக்கு மூன்று தொகைகள் இருக்கும். கம்பெனி அறிவித்த முழுத் தொகை, அதில் பிடித்த வரி, மிச்சமாகக் கைக்கு வந்த நிகரத் தொகை. வங்கியில் விழுவது நிகரம் மட்டும். அதனால் பலரும் அதையே வருமானமாக எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலான வரி முறைகளில் முழுத் தொகைதான் வருமானம், பிடித்த வரி நீங்கள் முன்கூட்டியே கட்டியதாகக் கணக்கில் சேரும். நிகரத்தை வருமானமாகக் காட்டி, பிடித்த வரியையும் கழித்துக்கொண்டால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகிவிடும். ஆகவே மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். ஒன்றைக் கழித்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மூன்றும் தாளிலிருந்து தனித்தனியாக வந்தால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்க முடியும்.

சில அறிக்கைகளில் நான்காவதாக, வருடத் தொடக்கத்திலிருந்து இதுவரை வந்த மொத்தம் என்று ஒரு பத்தி இருக்கும். வலது ஓரத்தில் தடித்த எழுத்தில் இருப்பதால் கண் அங்கேதான் போகும். அதை எடுக்கக் கூடாது. மேலிருந்து கீழே போகப் போக எண் குறையவே குறையாமல் ஏறிக்கொண்டே இருந்தால் அது அந்தப் பத்திதான்.

என் பதிவேட்டின் பத்திகள் இவை: A பணம் தந்த தேதி, B கம்பெனி, C பங்குகளின் எண்ணிக்கை, D ஒரு பங்குக்கான ஈவு, E முழுத் தொகை, F பிடித்த வரி, G நிகரம், H வங்கியில் வந்தது, I படக் கோப்பின் பெயர். C, D இரண்டும் வருமானக் கணக்குக்குத் தேவையில்லையே என்று தோன்றும். அவைதான் இந்த முறையின் உயிர்நாடி, ஏன் என்று கீழே தெரியும்.

எழுத்தாக மாற்றுவது

போனில் படத்தின் மேல் விரலை அழுத்தி எழுத்தை நகலெடுக்கும் வசதியே நாலைந்து வரிசை அறிக்கைக்குப் போதும். கணினியில் செய்பவர்களுக்கு Tesseract இலவசம். அட்டவணையை மட்டும் வெட்டி எடுத்த படத்துக்கு இப்படிக் கொடுப்பேன்:

```
tesseract statement.png out -l eng --psm 6 -c preserve_interword_spaces=1
```

இதில் 6 என்பது படம் முழுவதையும் ஒரே சீரான எழுத்துப் பாளமாக எடுத்துக்கொள் என்று சொல்வது. அது இல்லாவிட்டால் அட்டவணையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு பத்தியாகப் படித்துவிடலாம். கடைசியில் இருப்பது பத்திகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அப்படியே வைத்திருக்கச் சொல்வது.

பத்தி பத்தியாகப் படிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, போனில் நகலெடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும். ஒரு டிவிடெண்டுக்கு வரியே பிடிக்கவில்லை, அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மென்பொருள் அந்தக் கோட்டை விட்டுவிட்டால், அதற்குக் கீழே இருக்கிற வரித் தொகைகள் எல்லாம் ஒரு கட்டம் மேலே ஏறிவிடும். வரிப் பத்தியின் கூட்டுத்தொகை அப்போதும் சரியாகவே வரும். ஒவ்வொன்றும் வேறு கம்பெனியின் தலையில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். பத்திகளில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாலே இது பிடிபடும்.

அந்த அறிக்கை

முன்பு சொன்ன அறிக்கை மாதிரியே ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பெனிப் பெயருக்குப் பதில் எழுத்துகள் போட்டிருக்கிறேன். படத்திலிருந்து வந்தது இது:

```
12-06-2024  A   240   3.50    840.00    84.00    756.00
03-07-2024  B  1150   1.25    143750   143.75   1293.75
21-08-2024  C    85  18.00   1580.00   153.00   1377.00
05-09-2024  D   600   2.80   1630.00   168.00   1512.00
18-11-2024  C    85   6.00    510.00    51.00    459.00
Total                        5997.50   599.75   5397.75
```

முழுத் தொகைப் பத்தியைக் கூட்டினால் 1,48,310 வருகிறது. தாளில் 5,997.50. வித்தியாசம் 1,42,312.50. இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தால் முதலில் அதை 99ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு தசம இடமுள்ள எண்ணில் புள்ளி காணாமல் போனால் அது நூறு மடங்காகிறது, அதாவது 99 மடங்கு அதிகமாகிறது. 1,42,312.50ஐ 99ஆல் வகுத்தால் 1,437.50. இரண்டாவது வரிசையில் புள்ளி விழுந்த எண் அதுதான். (வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் உத்தி. கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும். மென்பொருள் இலக்கத்தை இடம் மாற்றுவது அபூர்வம், ஒன்றை வேறொன்றாகப் படிப்பதே அதன் வழக்கம்.)

புள்ளியைத் திருத்தினேன். மறுபடி கூட்டினேன். 5,997.50. அச்சில் இருப்பதும் அதே. தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்த திருப்தி வேறு. அங்கேதான் நான் நிறுத்தினேன்.

ஒவ்வொரு வரிசையையும் தனியாகச் சோதிப்பது

தேதிகளைப் பதிவேட்டில் இட்டு முதல் டிவிடெண்டை இரண்டாவது வரிசையில் எழுதியிருந்தால், பக்கத்தில் மூன்று சோதனைப் பத்திகள் போடுங்கள்:

```
J2:  =ROUND(C2*D2,2)-E2
K2:  =ROUND(E2-F2-G2,2)
L2:  =ROUND(F2/E2*100,2)
```

J என்பது பங்குகளை ஈவால் பெருக்கினால் முழுத் தொகை வருகிறதா என்பது. K என்பது முழுத் தொகையில் வரி போக நிகரம் வருகிறதா என்பது. இரண்டிலும் பூஜ்யம் வர வேண்டும். L வரி எத்தனை சதவீதம் என்று காட்டும். மூன்றையும் கீழே வரை இழுத்துவிடுங்கள்.

C கம்பெனியின் முதல் வரிசையில் 85ஐ 18ஆல் பெருக்கினால் 1,530. படத்திலிருந்து வந்தது 1,580. ஆக J −50 காட்டுகிறது. 1,580இல் 153ஐயும் 1,377ஐயும் கழித்தால் K 50 காட்டுகிறது. சதவீதம் 9.68. அடுத்த D வரிசையில் 600ஐ 2.80ஆல் பெருக்கினால் 1,680, வந்திருப்பதோ 1,630. J 50, K −50, சதவீதம் 10.31. மற்ற மூன்று வரிசைகளிலும் J, K பூஜ்யம், சதவீதம் சரியாக 10. தாளை எடுத்துப் பார்த்தால் அந்த இரண்டு வரிசைகளின் நடுவே மடிப்பு ஓடுகிறது. ஒன்றில் 3 நிழலால் 8 ஆகியிருக்கிறது, இன்னொன்றில் 8இன் இடப்பக்கம் வெளுத்து 3 ஆகியிருக்கிறது. ஒன்று கூட்டிய ஐம்பதை மற்றது கழித்துவிட்டது.

எந்த எண் தப்பு என்பதையும் சோதனைகளே சொல்லிவிடும். J, K இரண்டும் பிசகினால் இரண்டுக்கும் பொதுவான முழுத் தொகைதான் குற்றவாளி. J மட்டும் பிசகினால் பங்கு எண்ணிக்கையோ ஈவோ தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது, தொகைகள் நல்லபடி இருக்கின்றன. K மட்டும் பிசகினால் வரி அல்லது நிகரம். அப்போது L பத்தியைப் பாருங்கள். சதவீதம் மற்ற வரிசைகளைப் போலவே இருந்தால் நிகரத்தில் தப்பு, விலகி நின்றால் வரியில் தப்பு. எதுவானாலும் கணக்குப் போட்டு வந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். படத்தைப் பெரிதாக்கி அந்தக் கட்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகே திருத்துங்கள். சில சமயம் தாளிலேயே கணக்கு பொருந்தாமல் இருக்கும், அதற்கும் காரணங்கள் உண்டு.

அந்தக் காரணங்களில் சாதாரணமானது, வரியைப் பைசா இல்லாமல் முழு எண்ணாக்கிப் பிடிப்பது. 1,437.50க்குப் பத்து சதவீதம் 143.75, ஆனால் 144 என்று பிடித்திருப்பார்கள். அப்போது K பூஜ்யமாகவே இருக்கும், L மட்டும் 10.02 காட்டும். அது தப்பல்ல. வெளிநாட்டுப் பங்கென்றால் நிகரத்தில் கட்டணம் ஒன்றும் சேர்ந்து குறைந்திருக்கலாம், K அந்தக் கட்டணத்தின் அளவுக்குப் பிசகும். அதற்குத் தனிப் பத்தி போடுங்கள், வரியோடு சேர்த்துவிடாதீர்கள். இன்னும் சில அறிக்கைகளில் ஈவு தொகையாக இல்லாமல் சதவீதமாக இருக்கும். அது பங்கின் முகமதிப்பின் மேல் கணக்கிடுவது, சந்தை விலையின் மேல் அல்ல. முகமதிப்பு 2, ஈவு 350 சதவீதம் என்றால் பங்குக்கு 7. D பத்தியில் 7 என்று எழுத வேண்டும்.

வரிசைச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு வரிசை முழுதாக விடுபட்டுப் போனால் அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே பத்திக் கூட்டல்தான் காப்பாற்றும். தேதியையும் கம்பெனிப் பெயரையும் இரண்டுமே சோதிக்காது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எண் மாதிரி இருக்கும், எண்ணாக இருக்காது

நகலெடுத்து ஒட்டும்போது 1,530.00 என்பது சில நேரம் எழுத்தாக உட்கார்ந்துவிடும். பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்து O இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், எண்ணாக மாற்றக்கூடிய எழுத்தென்றால் கழித்தல் கணக்கில் எக்செல் அதைத் தானே எண்ணாக்கிக்கொள்ளும், J, K பூஜ்யம் காட்டும். ஆனால் `SUM` அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வரிசைகள் எல்லாம் சரி, மொத்தம் மட்டும் குறைகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ஐந்து வரிசைகளுக்கு இதைப் போட்டால் 5 வர வேண்டும்:

```
=COUNT(E2:E6)
```

4 வந்தால் ஒரு கட்டம் எழுத்து. பொதுவாக எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அதைக் கண்டுபிடித்துக் கையால் தட்டச்சு செய்துவிடுவதே சுருக்கு வழி.

தேதி

03-07-2024 என்பது ஜூலை 3ஆ, மார்ச் 7ஆ? அதே அறிக்கையில் 12க்கு மேற்பட்ட எண் எங்கே வருகிறது என்று தேடுங்கள். 21-08, 18-11 இரண்டிலும் முதல் எண் 12ஐத் தாண்டுகிறது, ஆகவே முதலில் நாள். ஒட்டும்போது எக்செல் தன் விருப்பத்துக்கு மாற்றிவிடாமல் இருக்க நான் 2024-07-03 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதிவிடுவேன்.

டிவிடெண்டை அறிவித்த தேதி, பங்குதாரர் பட்டியல் எடுத்த தேதி, பணம் தந்த தேதி என்று மூன்று அச்சாகியிருக்கலாம். வங்கியோடு ஒப்பிட உதவுவது பணம் தந்த தேதி. வருமானம் எந்த வருடத்தில் சேரும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. வருடக் கடைசியில் அறிவித்து அடுத்த வருடம் பணம் வந்த டிவிடெண்ட் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் அறிவித்த தேதியையும் குறித்து வையுங்கள்.

இரண்டு முறை ஏறிய டிவிடெண்ட்

ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் தனித் தாள் வரும், வருடக் கடைசியில் எல்லாம் சேர்த்து ஒரு அறிக்கையும் வரும். அப்பா இரண்டையுமே படம் எடுத்து அனுப்புவார். புதிதாக ஏற்றியதும் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2,E:E,E2)
```

1க்கு மேல் வந்தால் அதே தேதி, அதே கம்பெனி, அதே தொகை ஏற்கெனவே இருக்கிறது. C கம்பெனி நம் அறிக்கையில் இரண்டு தடவை வருகிறது, பங்குகளும் இரண்டிலும் 85தான். தேதியும் தொகையும் வேறு என்பதால் அவை இரண்டும் தனித்தனி டிவிடெண்ட், இடையில் ஒன்றும் இறுதியில் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனிப் பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் ஒன்றை அழித்திருப்பேன். கம்பெனிப் பெயர் ஒரு தாளில் முழுதாகவும் இன்னொன்றில் சுருக்கமாகவும் இருந்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும், பெயரை ஒரே மாதிரி எழுதிக்கொள்ள வேண்டும். தனிப் பெயரிலும் கூட்டுப் பெயரிலும் ஒரே கம்பெனியில் ஒரே அளவு பங்கு வைத்திருப்பவர்களுக்கு 2 வருவது நியாயமே.

வங்கியோடு ஒப்பிடுவது

H பத்தியை மட்டும் படத்திலிருந்து நிரப்பாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் தந்த தேதியை ஒட்டி வந்த வரவை அங்கிருந்து பார்த்து எழுதுங்கள். G-யும் H-ம் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த அறிக்கையில் எனக்கு உண்மை தெரிந்தது இப்படித்தான். நிகரப் பத்தியில் 1,377, வங்கியிலும் 1,377, ஆனால் பக்கத்தில் முழுத் தொகை 1,580 என்றும் வரி 153 என்றும் இருந்தது. கழித்துப் பார்த்தால் 1,427 வருகிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

வங்கியில் வரவே இல்லையென்றால் பழைய கணக்கு எண்ணுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம், அல்லது பணத்துக்குப் பதில் பங்காகவே ஏறியிருக்கலாம். பங்காக ஏறியதை வருமானமாக எடுக்கும் நாடுகளும் உண்டு. அதனால் H-ஐக் காலியாக விட்டு, E, F இரண்டையும் அப்படியே வைத்திருங்கள். வரி பிடித்தவர்கள் வருடக் கடைசியில் தரும் சான்றிதழில் உள்ள தொகையோடு F பத்தியின் மொத்தத்தை ஒப்பிடும்போது அந்த வரிசையும் தேவைப்படும்.

படக் கோப்புக்கு நான் வைக்கிற பெயர் `2024-08-21_C_1530.jpg` மாதிரி இருக்கும். தொகையைப் பெயரில் எழுதுவதற்காகப் படத்தை இன்னொரு தடவை திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அறிக்கைக்கு அன்றைக்கே இப்படிப் பெயர் வைத்திருந்தால் 1580 என்று தட்டும்போதே கை நின்றிருக்கும்.